அப்பாவின் பைபாஸ் ஆபரேஷனுக்கு உதவி கேட்கும் முன்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனையில் அப்பாவைச் சேர்த்துவிட்டு, பணம் போதாமல் நாலு பேரிடம் கேட்கலாம் என்று முடிவெடுத்த பிள்ளைகள் எழுப்பும் சந்தேகங்களின் தொகுப்பு இது. கீழே வரும் மாதிரிக் கணக்கு விளக்கத்துக்காகப் போட்டது. உங்கள் மருத்துவமனையின் தொகை வேறாக இருக்கும், ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

அப்பாவுக்கு பைபாஸ் பண்ணியே ஆகணும்னு சொல்லிட்டாங்க. இப்பவே வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் போட்டுடலாமா?

ஒரு நாள் பொறுங்கள். முதலில் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி: "எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும்?" ஆஞ்சியோ படத்தில் இடது பக்க முதன்மைக் குழாயிலேயே பெரிய அடைப்பு இருந்தாலோ, படுத்திருக்கும்போதே நெஞ்சுவலி வந்தாலோ அவசரம் என்பார்கள். மூன்று குழாயில் அடைப்பு இருந்தும் நிலைமை கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் சில நாள் அவகாசம் கிடைக்கும். குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அதை நிறுத்திச் சுமார் 5 நாள் காத்திருந்துதான் ஆபரேஷன் செய்வது வழக்கம். அந்த நாட்கள் உங்களுக்குக் கிடைத்த நேரம்.

அந்த நேரத்தில் முதல் நாளை எஸ்டிமேட் வாங்கவும் காப்பீட்டைப் பார்க்கவும் வையுங்கள். அவசரத்தில் "5 லட்சம் வேண்டும்" என்று போட்டுவிட்டு, மறுநாள் "இல்லை, 3.2 லட்சம்தான்" என்று திருத்தினால், முதல் செய்தி எங்கெங்கோ சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டையும் பார்த்தவர் ஒன்றுக்கும் கொடுக்க மாட்டார்.

எஸ்டிமேட்னு துண்டுச் சீட்டுல 3,20,000னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அது போதாதா?

போதாது. மருத்துவமனையின் பெயர் அச்சடித்த தாளில், தேதியோடு, நோயாளி பெயர், பதிவு எண், என்ன நோய், என்ன ஆபரேஷன், எவ்வளவு தொகை என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். பில்லிங் கவுண்டரில் கேட்டால் கிடைக்கும். இல்லையென்றால் நோயாளிகள் தொடர்பு அலுவலரிடம் கேளுங்கள்.

தாள் கைக்கு வந்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் "இந்த பேக்கேஜில் எது சேராது?" என்று கேட்டு, பதிலையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். பைபாஸ் பேக்கேஜ் என்றால் வழக்கமாக ஆபரேஷன் தியேட்டர், சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், இத்தனை நாள் ஐசியூ, இத்தனை நாள் வார்டு என்று எண்ணிக் கொடுத்திருப்பார்கள். அந்த நாட்களைத் தாண்டினால் தனிக் கட்டணம். சர்க்கரை நோய் இருந்து புண் ஆறத் தாமதமானாலோ, சிறுநீரகம் ஒத்துழைக்காமல் போனாலோ, செயற்கைச் சுவாசத்திலிருந்து எடுக்க நாளானாலோ ஐசியூ நீளும். பணம் தட்டுப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ரத்தத்தையும் தனியாகக் கேளுங்கள். ரத்தத்துக்கு விலை கிடையாது. அதைச் சோதித்துப் பிரித்துத் தரும் கட்டணம் உண்டு, பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆட்களையும் கேட்பார்கள். உங்கள் வேண்டுகோளில் "இத்தனை பேர் ரத்தம் கொடுக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். காசு கொடுக்க முடியாமல் சங்கடப்படும் நண்பர்கள் அந்த வரியைப் பார்த்ததும் கை தூக்குவார்கள்.

"முதலமைச்சர் காப்பீடு இருக்கே, எதுக்கு காசு கேக்குற?"னு முதல் ஆளே கேக்குறாரு. என்ன சொல்றது?

நியாயமான கேள்விதான். அவர் கேட்பதற்கு முன்னால் உங்கள் வேண்டுகோளே அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, பைபாஸும் அதில் அடக்கம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும்.

அட்டை இருந்து, மருத்துவமனையும் திட்டத்தில் இருந்து, அனுமதியும் வந்துவிட்டால், அந்தச் சிகிச்சைக்கு உங்களிடம் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. அப்படியானால் ஆபரேஷன் செலவென்று ஊரில் கேட்பதும் தவறு. பயணம், தங்கல், வேலைக்குப் போக முடியாத நாட்களின் வீட்டுச் செலவு என்று உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள்.

காப்பீடு இல்லாததற்குக் காரணம் ஏதோ ஒன்று இருக்கும். வருமானம் வரம்பைத் தாண்டியிருக்கலாம், அப்பாவைச் சேர்த்த மருத்துவமனை திட்டத்தில் இல்லாமல் இருக்கலாம், அரசு மருத்துவமனையில் கொடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கலாம். எதுவோ அதை ஒரே வரியில் எழுதுங்கள். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். அது செலவில் ஒரு பகுதியைத்தான் தரும், நேராக மருத்துவமனைக்குப் போகும். ஆபரேஷனுக்கு முன்பே எஸ்டிமேட்டோடு விண்ணப்பித்துவிட வேண்டும். விண்ணப்பித்திருந்தால் அதையும் சொல்லிவிட்டு, "வந்தால் கேட்கும் தொகையிலிருந்து கழிப்போம்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தச் செலவையும் கேக்கணுமா, இல்ல குறையுற காசை மட்டுமா?

குறைவதை மட்டும். ஆனால் மொத்தத்தையும் காட்டிவிட்டுத்தான் குறைவதைக் கேட்க வேண்டும். ஒரு மாதிரி பாருங்கள்.

பைபாஸ் பேக்கேஜ் 3,20,000. பேக்கேஜில் சேராத ஐசியூ நாள் இரண்டுக்கு, நாளுக்கு 14,000 வீதம் 28,000. ஏற்றும் ரத்தத்தைச் சோதித்துத் தரும் கட்டணம் 12,000. டிஸ்சார்ஜுக்குப் பிறகு மூன்று மாத மருந்து, மாதம் 4,000 வீதம் 12,000. கூட இருப்பவர் தங்க, சாப்பிட, ஊருக்குப் போய்வர 13,000. ஆக 3,85,000.

கையில் இருப்பது: சேமிப்பு 60,000, அம்மாவின் நகையை வைத்து வாங்கிய கடன் 75,000, பெரியப்பாவும் அத்தையும் கொடுத்தது 50,000. ஆக 1,85,000. குறைவது 2,00,000. வேண்டுகோளில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டியது இந்தக் கடைசி எண்தான்.

ஆஞ்சியோவுக்கு ஏற்கெனவே கட்டிய 22,000 இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கட்டி முடித்ததைப் புதிதாக வரும் செலவோடு கலக்காதீர்கள். அதற்காகக் கைமாற்று வாங்கியிருந்தால் தனி வரியாகப் போட்டு, கடன் என்றே எழுதுங்கள்.

கொஞ்சம் கூட்டிக் கேட்டாத்தானே பாதியாவது வரும்?

இந்த யோசனையைச் சொல்லாத உறவினர் இல்லை. கூட்டினால் எஸ்டிமேட் தாளும் உங்கள் எண்ணும் ஒத்துப்போகாது. தாளைப் படிப்பவர்கள் குறைவுதான், ஆனால் படிப்பவர்தான் பத்தாயிரம் கொடுக்கக்கூடியவர். அவர் கணக்கைக் கூட்டிப் பார்ப்பார்.

எதிர்பாராத செலவுக்கு இடம் வேண்டும் என்பது உண்மை. மேலே ஐசியூ இரண்டு நாள் என்று போட்டது அதற்குத்தான். எதற்கென்று பெயர் சொல்லி வைத்த தொகை அது. செலவாகாவிட்டால் மிச்சம் என்று காட்டவும் முடியும். "இதர செலவு 50,000" என்று போட்டால் அதைப் பற்றி யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், மனதில் மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. மாதிரி ஒண்ணு எழுதிக் காட்டுங்களேன்.

மேலே போட்ட கணக்கையே வைத்துக்கொண்டால் இப்படி வரும்:

"வணக்கம். என் அப்பா (பெயர், வயது 58) திருமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். இந்த மாதம் 4ஆம் தேதி நெஞ்சுவலி வந்து மதுரையில் சேர்த்தோம். ஆஞ்சியோவில் மூன்று குழாயில் அடைப்பு தெரிந்தது. 16ஆம் தேதி பைபாஸ் ஆபரேஷன். எங்கள் குடும்ப வருமானம் முதலமைச்சர் காப்பீட்டு வரம்பைத் தாண்டுவதால் அந்த உதவி கிடைக்கவில்லை. வேறு காப்பீடு இல்லை.

மொத்தச் செலவு 3,85,000 ரூபாய். எங்களிடம் இருப்பது 1,85,000. குறைவது 2,00,000. கணக்கு விவரமும் எஸ்டிமேட்டும் இணைத்திருக்கிறேன். மருத்துவமனைக் கணக்கில் நேரடியாகக் கட்டலாம், அல்லது கீழே உள்ள என் கணக்குக்கு அனுப்பலாம். ஒவ்வொரு மூன்றாம் நாளும் கணக்கு சொல்கிறேன். 2,00,000 சேர்ந்ததும் இதே இடத்தில் 'போதும்' என்று எழுதிவிடுவேன். மிஞ்சினால் இதே மருத்துவமனையில் பணமில்லாமல் இருக்கும் இன்னொரு இதய நோயாளியின் பில்லில் கட்டிவிடுவேன். ரத்தம் கொடுக்க நாலு பேர் தேவை. சந்தேகம் இருந்தால் இந்த எண்ணில் மாலை 6 முதல் 9 வரை பேசலாம்."

இவ்வளவுதான். "உங்கள் காலில் விழுகிறேன்" வேண்டாம், "பகிராமல் போகாதீர்கள்" வேண்டாம். மாதமும் வருடமும் சேர்த்துத் தேதி போட மட்டும் மறக்கவே கூடாது. தேதி இல்லாத வேண்டுகோள் மூன்று வருடம் கழித்தும் ஏதாவது குரூப்பில் வந்து நிற்கும், உங்கள் கணக்கு எண்ணோடு.

ஐசியூ போட்டோ போட்டா நிறைய வரும்ங்கிறாங்க. அப்பாவுக்கு இது சுத்தமா பிடிக்காது.

அப்பாவுக்குப் பிடிக்காவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. ஆபரேஷனுக்கு முன் அவர் தெளிவாக இருக்கும்போதே வேண்டுகோளை வாசித்துக் காட்டுங்கள். எந்தப் படம், எந்தக் குரூப், யாருக்குத் தெரியக் கூடாது என்பதை அவர் சொல்லட்டும். கடைக்கு வரும் வாடிக்கையாளர்களுக்குத் தெரிய வேண்டாம் என்பார், அது அவர் உரிமை. தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பழைய படம் ஒன்று போதும். டியூபோடு படுத்திருக்கும் படத்தை, அவர் குணமாகி வந்த பிறகு அவரே எங்காவது பார்க்க நேரும்.

எஸ்டிமேட்டைப் படமெடுத்துப் போடும்போது ஆதார் எண், வீட்டு முகவரி, அப்பாவின் போன் எண் மூன்றையும் மறைத்துவிடுங்கள். தாளின் குறுக்கே தேதியும் "இன்னாருடைய பைபாஸுக்காக" என்ற வரியும் விழும்படி செய்யுங்கள். வேண்டுகோளை அப்படியே எடுத்து, கியூஆரை மட்டும் மாற்றிப் பரப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் கணக்குப் பெயரை எழுத்திலும் போட்டு, "பணம் அனுப்பும்போது இந்தப் பெயர் திரையில் வராவிட்டால் அனுப்பாதீர்கள்" என்று சேருங்கள்.

சிலர் ஆஸ்பத்திரிக்கே போன் பண்ணி விசாரிச்சிருக்காங்க. அங்க "சொல்ல முடியாது"ன்னுட்டாங்களாம். இப்ப என்னைச் சந்தேகப்படுறாங்க.

நோயாளி விவரத்தை முன்பின் தெரியாதவருக்குச் சொல்லாமல் இருப்பதுதான் மருத்துவமனையின் கடமை. இதை எதிர்பார்த்து, தொடர்பு அலுவலரிடம் அப்பா கையெழுத்திட்ட ஒரு ஒப்புதல் கடிதம் கொடுத்து வையுங்கள்: "இன்ன பதிவு எண்ணைச் சொல்லிக் கேட்பவரிடம் சேர்க்கை, ஆபரேஷன் தேதி, எஸ்டிமேட் தொகை ஆகிய மூன்றை மட்டும் உறுதி செய்யலாம்." எல்லா இடத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்போது சந்தேகப்படுபவரிடம் வாதம் வேண்டாம். மருத்துவமனைக் கணக்கில் நேரடியாகக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பணம் யாரோட அக்கவுண்ட்டுக்கு வந்தா நல்லது? அப்பாவோடதா, என்னோடதா?

பெரிய தொகை கொடுப்பவரை மருத்துவமனைக் கணக்கில், பதிவு எண்ணைக் குறிப்பிட்டுக் கட்டச் சொல்லுங்கள். அந்த ரசீதின் படத்தை அவர் உங்களுக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அட்வான்ஸில் யார் பணம் ஏறியது என்றே தெரியாது. சிறு தொகைகளுக்கு ஒரு குடும்பக் கணக்கு வேண்டும்.

அப்பா ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும் கணக்கு சிக்கலானது. அவர் ஐசியூவில் இருக்கும்போது செக்கில் கையெழுத்து யார் போடுவது? ஒடிபி அவர் போனுக்குத்தான் வரும். அதுவும் குறைந்த ஆவணத்தில் தொடங்கிய "சிறு கணக்கு" என்றால், ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு மேல் வரவு ஏறாது, இருப்பு 50,000 தாண்டக் கூடாது, மாதம் 10,000க்கு மேல் எடுக்கவும் முடியாது. வேண்டுகோள் பரவிக்கொண்டிருக்கும் நேரத்தில் கணக்கு முடங்கும். முழு ஆவணம் கொடுத்த உங்கள் கணக்கோ, இருவரில் எவரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்கோ நல்லது. சம்பளமும் வீட்டுச் செலவும் அதில் ஓடக் கூடாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முகம் தெரியாத பலரிடமிருந்து பணம் வரும்போது, அதில் ஒருவர் அனுப்பியது இணைய மோசடிப் பணமாக இருந்தால், போலீஸ் புகாரின் பேரில் வங்கி உங்கள் கணக்கில் அந்தத் தொகையை, சில சமயம் கணக்கையே நிறுத்தி வைக்கும். அதனால் பணத்தைச் சேர்த்து வைக்காமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அட்வான்ஸாகக் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். மருத்துவமனையில் யுபிஐ மூலம் 5 லட்சம் வரை கட்ட ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. உங்கள் வங்கி வைத்திருக்கும் வரம்பு அதைவிடக் குறைவாக இருக்கலாம், முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கச் சட்டம் இடம் தராது.

மிலாப், கெட்டோ மாதிரி நிதி திரட்டுற தளத்துல போட்டா நல்லதா?

உங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் 2 லட்சம் கிடைக்கும் என்றால் தேவையில்லை. வட்டத்துக்கு வெளியே போக வேண்டும், வெளிநாட்டிலிருந்தும் வரவேண்டும் என்றால் உதவும். ஆவணங்களை அவர்கள் சரிபார்ப்பதும் நம்பிக்கை தரும். தொடங்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: கட்டணமாக எவ்வளவு பிடிப்பீர்கள், கொடுப்பவரிடம் "டிப்ஸ்" தானாகச் சேருமா, பணம் மருத்துவமனைக்குப் போக எத்தனை வேலை நாள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். 16ஆம் தேதி ஆபரேஷன் என்றால் 20ஆம் தேதி வரும் பணம் டிஸ்சார்ஜுக்குத்தான் ஆகும். பிடித்தம் இருந்தால் அதையும் செலவுக் கணக்கில் ஒரு வரியாகக் காட்டுங்கள்.

இந்தப் பணத்துக்கு வருமான வரி வருமா?

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் பெற்ற பணம் மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டியது மட்டுமில்லை, முழுத் தொகையும் பெற்றவரின் வருமானமாகக் கணக்கில் வரும். உறவினர் கொடுத்ததற்கு உச்ச வரம்பு இல்லை. மொத்த வருமானம் வரி வரம்புக்குள் அடங்கினால் கட்ட வேண்டியது ஒன்றும் வராமல் போகலாம். ஆனாலும் ஆடிட்டரிடம் பட்டியலோடு ஒருமுறை போய்வாருங்கள்.

யார் உறவினர் என்பதில்தான் வேடிக்கை. சித்தப்பா உங்கள் கணக்குக்கு அனுப்பினால் உறவு, ஏனென்றால் அவர் உங்கள் பெற்றோரின் உடன்பிறந்தவர். அதே சித்தப்பாவின் கணக்குக்கு நீங்கள் அனுப்பினால் சட்டப்படி உறவில்லை, அண்ணன் மகன் அந்தப் பட்டியலில் இல்லை. சித்தப்பா பிள்ளைகள் எந்தப் பக்கமும் சேர மாட்டார்கள். எந்தக் கணக்கு என்று முடிவெடுக்கும்போது இதையும் பாருங்கள். கொடுப்பவருக்கோ, தனி நபருக்குத் தருவதால் 80ஜி வரிச்சலுகை கிடைக்காது. கேட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கணக்கு காட்டறப்போ கொடுத்தவங்க பேர் எல்லாம் போடணுமா?

வேண்டாம். 200 ரூபாய் கொடுத்தவரையும் 20,000 கொடுத்தவரையும் ஒரே பட்டியலில் வைத்தால் முதலாமவர் கூசிப்போவார். தேதி, தொகை, யுபிஐ பரிவர்த்தனை எண்ணின் கடைசி நாலு இலக்கம் என மூன்று போதும். கொடுத்தவர் தன் தொகையைத் தானே கண்டுகொள்வார். முழுப் பட்டியல் உங்களிடம் இருக்கட்டும்.

ஆபரேஷன் முடிந்து அப்பா வீடு திரும்பிய பிறகு இறுதிக் கணக்கு. நம் மாதிரிக் குடும்பத்துக்கு அது இப்படி: மருத்துவமனை பில் 3,43,500, இதில் பேக்கேஜ் 3,20,000, கூடுதல் ஐசியூ ஒரு நாள் 14,000, ரத்தம் 9,500. பயணம், தங்கல் 11,500. மருந்துக்கு 12,000, அதில் வாங்கியது ஒரு மாதத்துக்கு 4,000, எடுத்து வைத்திருப்பது 8,000. ஆகச் செலவு 3,67,000. சொந்தப் பணம் 1,85,000, வந்தது 2,06,500. மிச்சம் 24,500. டிஸ்சார்ஜ் பில்லையும் இணைத்துவிடுங்கள்.

அந்த 24,500ல அம்மா நகையைத் திருப்பிக்கலாமா? அதுவும் இந்த ஆபரேஷனுக்குத்தானே வச்சோம்?

முதலிலேயே சொல்லியிருந்தால் தாராளமாக. மாதிரி வேண்டுகோளில் "இன்னொரு நோயாளியின் பில்லில் கட்டுவேன்" என்று எழுதிவிட்டதால் இப்போது முடியாது. நகைக் கடனைச் சொந்தப் பங்காகக் காட்டித்தான் 2 லட்சம் கேட்டோம். பிறகு அதை அடைத்தால் சொந்தப் பங்கு குறைந்துவிடுகிறது. எழுதும்போதே "மிஞ்சினால் நகைக் கடனில் கட்டுவோம்" என்று போடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

எழுத மறந்திருந்தால் கொடுத்தவர்களிடம் கேளுங்கள், ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். திருப்பிக் கேட்பவருக்கு அவர் பங்கின் விகிதப்படி, பணம் வந்த அதே கணக்குக்கே அனுப்புங்கள். "வேறு எண்ணுக்குப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடியே அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா, இல்ல பைபாஸ் வேண்டாம், ஸ்டென்ட் போதும்னு டாக்டர் மாத்திட்டா?

ஸ்டென்ட் என்று மாறினால் அன்றே புது எஸ்டிமேட் வாங்கி, வசூலை நிறுத்தி, புதுக் கணக்கைப் போடுங்கள். ஸ்டென்டுக்கு 2017 முதல் அரசு உச்சவிலை உண்டு, பில்லில் அதன் விலை தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த செலவுக்குப் போக மீதி இருந்தால் மேலே சொன்ன முறைதான்.

அப்பா தவறிவிட்டால் கணக்கு சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை, குறைந்தது முதல் இரண்டு வாரம். அதற்காகத்தான் வேண்டுகோளில் இரண்டாவதாக ஒரு நண்பரின் எண்ணும் இருப்பது நல்லது. அவர் ஒரு வரி எழுதுவார்: செய்தி, வசூல் நிறுத்தம், கணக்கு இன்ன தேதிக்குள். பிறகு கட்டிய அட்வான்ஸிலிருந்து அதுவரை ஆன பில் போக மீதியை மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டும். வழக்கமாகக் கட்டியவரின் கணக்குக்கே திருப்புவார்கள், அசல் ரசீது கேட்பார்கள். எனவே முதல் நாளிலிருந்தே ரசீதுகளை ஒரு கவரில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று அந்த நண்பருக்கும் காட்டி வையுங்கள்.